பாட்டியின் கல்யாணப் பத்திரிகையைத் தட்டச்சு செய்த கதை

பழைய தகரப் பெட்டியில் பாட்டி, தாத்தாவின் கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. மஞ்சள் தாள், சிவப்பு மை, நடுவில் ஒரே ஒரு மடிப்பு. தாள் நொறுங்குவதற்குள் அச்சில் இருப்பதை எழுத்து மாறாமல் கணினியில் ஏற்றிவிடலாம் என்று உட்கார்ந்தேன். மொத்தம் இருபத்தோரு வரிதான், ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். நான்கு மாலைகள் ஆயின.

முதல் மாலை அடித்ததை மறுநாள் அப்படியே அழித்தேன். காரணம் என் விரல்கள். தாளில் "விஜயஞ்செய்து" என்று இருக்கிறது, நான் "விஜயம் செய்து" என்று அடித்திருக்கிறேன். "லக்கினத்தில்" என்பது என் கையில் "லக்னத்தில்" ஆகிவிட்டது. ஒரே பத்திரிகையில் மேலே "முஹூர்த்தம்", கீழே "முகூர்த்தம்" என்று இரண்டு விதமாக அச்சாகியிருக்கிறது. நான் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தேன். அர்த்தம் தெரிந்து படிக்கிறவன் தாளைப் பார்ப்பதில்லை, தன் பழக்கத்தைத்தான் அடிக்கிறான். அதனால் இரண்டாம் தடவை கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி, வரி வரியாக அடித்தேன். வாக்கியம் ஓடாததால் எழுத்து மட்டுமே கண்ணில் பட்டது. தாளில் வரி எங்கே முறிகிறதோ அங்கேயே நானும் முறித்தேன். பிறகு ஒப்பிட அது பெரிய உதவி.

அப்புறம் தேதி வரி. அதில்தான் இரண்டு மாலைகள் போயின. பூச்சி ஒரு ஓட்டை போட்டிருக்கிறது. தாள் மடித்திருந்ததால் அதே ஓட்டை இரண்டு பக்கமும் விழுந்து, வரியின் தொடக்கத்தையும் முடிவையும் தின்றுவிட்டது. மிஞ்சியது இதுதான்:

[ஓட்டை]விளம்பி௵ ஆவணி௴ 11உ (27-8-195[ஓட்டை]

முதலில் அந்தக் குறிகள். ஆண்டுக்குப் பின்னால் இருப்பது பார்வைக்கு "ளு" போல, மாதத்துக்குப் பின்னால் இருப்பது "மீ" போல இருக்கும். பழைய அச்சில் வருடம், மாதம், நாள் மூன்றுக்கும் தனிக் குறிகள் உண்டு. யூனிகோடிலும் ௵, ௴, ௳ என்று இருக்கின்றன. ஆனால் அச்சகத்தில் அந்த அச்செழுத்து இல்லாதபோது சாதாரண ளு, மீ, உ ஆகியவற்றையே கோத்துவிடுவார்கள். என் தாளில் எது? பூதக்கண்ணாடியை எடுத்து, அதே தாளில் சந்தேகமில்லாத எழுத்துகளோடு ஒப்பிட்டேன். "பந்துக்களுடன்" என்பதில் உள்ள ளு வேறு வடிவம், ஆண்டுக் குறி வேறு. தலைப்பில் உள்ள "ஸ்ரீ மீனாக்ஷி ஸஹாயம்" என்பதில் உள்ள மீயும் மாதக் குறியும் ஒன்றல்ல. ஆகவே ௵, ௴ என்றே அடித்தேன். நாள் குறி மட்டும் உச்சியில் இருக்கும் பிள்ளையார் சுழியோடு அச்சு அசலாகப் பொருந்தியது. அங்கே அச்சுக் கோத்தவர் போட்டது வெறும் உ. எனவே நானும் உ என்றே விட்டு, "நாள் என்ற பொருளில்" என்று அடிக்குறிப்பில் எழுதினேன். சில போன்களில் ௵ வெறும் கட்டமாகத் தெரிகிறது. அதற்காக "வருடம்" என்று விரித்து எழுதினால் அது படியெடுப்பு ஆகாது.

சரி, ஓட்டைக்கு வருவோம். அறுபது ஆண்டுப் பெயர்களில் "விளம்பி" என்று முடிவது இரண்டு: ஹேவிளம்பி, அடுத்ததே விளம்பி. ஐம்பதுகளில் முதலாவது 1957 சித்திரையில் தொடங்கியது, இரண்டாவது 1958 சித்திரையில். ஆங்கில ஆண்டின் கடைசி இலக்கமும் போய்விட்டதால் இரண்டுமே பொருந்தும். ஆவணி 11 இரண்டு வருடமும் ஆகஸ்ட் 27-லேயே வருகிறது, அதனால் அதை வைத்தும் பிரிக்க முடியவில்லை.

அத்தையிடம் போனில் கேட்டேன். "அம்பத்தேழுலதான்டா கல்யாணம், அம்மா அப்படித்தான் சொல்லுவா" என்றார்.

அடுத்த வரியின் முதல் சொல்லைப் பார்த்தபோதுதான் விடை அங்கேயே இருப்பது தெரிந்தது: "புதவாரம்". 1957 ஆகஸ்ட் 27 செவ்வாய்க்கிழமை. 1958 ஆகஸ்ட் 27 புதன்கிழமை. ஆக விளம்பிதான், 1958. ஓட்டையின் அகலமும் ஒத்துப்போகிறது. வரியெல்லாம் நடுவில் நிறுத்தி அச்சிட்டிருக்கிறார்கள். "ஹே" இருந்திருந்தால் ஓட்டைக்கு இடப்புறமும் கொஞ்சம் மிச்சம் தெரிந்திருக்க வேண்டும். அகலத்தை மட்டும் வைத்து நான் முடிவு கட்டியிருக்க மாட்டேன், கிழமைதான் சாட்சி.

நேரத்தில் சிக்கல் குறைவு. "உதயாதி 7½ நாழிகைக்குமேல் 11¼ நாழிகைக்குள் (காலை மணி 9-க்குமேல் 10-30-க்குள்)" என்று இரண்டு கணக்கிலும் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாழிகை 24 நிமிடம். 7½ நாழிகை மூன்று மணி நேரம், 11¼ நாழிகை நாலரை மணி நேரம். உதயத்தை 6 மணி என்று வைத்தால் 9, 10-30 என்று சரியாக வருகிறது. ¼ மங்கலாக இருந்ததால் இந்தக் கணக்கு உதவியது. ½ என்று படித்திருந்தால் ஆறு நிமிடம் தள்ளிப்போயிருக்கும். 10-30 என்பதை 10:30 ஆக்கவில்லை. இங்கே அச்சுக்காரர் போட்ட கோடுதான் நேரக்குறி.

மரியாதைச் சொற்களில் என்னை ஏமாற்றியது "சௌபாக்கியவதி". திரையில் பார்க்கச் சரியாகவே இருந்தது. ஆனால் கோப்பில் "சௌ" என்று தேடினால் மூன்றில் ஒன்றுதான் கிடைக்கிறது. மற்ற இரண்டிலும் செ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்திருக்கிறேன். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு வேறு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, "ௌ" குறியை மட்டும் தேடி எண்ணிக்கை பார்ப்பதுதான். "ம-ள-ள-ஸ்ரீ" என்பதையும் மகாராஜராஜஸ்ரீ என்று விரிக்காமல், கோடுகளோடு அப்படியே வைத்தேன். மணமகனுக்கு "சிரஞ்சீவி" என்று முழுதாகப் போட்டு, அவர் தம்பிக்கு "சிரஞ்." என்று சுருக்கியிருக்கிறார்கள். இடம் போதாமல் இருக்கலாம். புள்ளியோடு விட்டேன்.

முடியாமல் போனது ஒன்று உண்டு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணை, லை, றா வடிவங்கள். யூனிகோடில் பழைய ணைக்கும் புதிய ணைக்கும் ஒரே குறியீடுதான். வடிவம் எழுத்துருவைப் பொறுத்தது. அதனால் தாளின் தெளிவான படம் ஒன்றையும் கோப்போடு சேர்த்துவிட்டேன்.

கோப்பை அத்தைக்கு அனுப்பினேன். "அதான் 1958-ன்னு கண்டுபிடிச்சுட்டியே, ஓட்டையை அடைச்சுட வேண்டியதுதானே?" என்று கேட்டார். அடைக்கவில்லை. வரியில் [ஓட்டை] என்றே இருக்கிறது. விளம்பி, 1958, புதவாரத்தை வைத்துக் கணக்கிட்டது என்று கீழே குறிப்பு.