நட்டம்தானே?

"அப்ப மூணு லட்சம் நட்டத்துக்கு வித்திருக்கோம். நட்டம்தானே?" என்று எம்.டி. என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆமாங்க சார், நட்டம்தான்" என்றேன். எதிரே யூனிட் மேனேஜர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த கொட்டேஷன் தாள்களை மெதுவாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அந்தத் தாள்களில் முதல் புரோக்கர் எழுதியிருந்த விலை 5,20,000. மூன்று பேரை மோதவிட்டு, ஜி.எஸ்.டி. போக 6,50,000-க்கு அந்த நிட்டிங் மெஷினைத் தள்ளிவிட்டவர் அவர்.

நான் சொன்னதில் பொய் இல்லை. 2015 ஏப்ரலில் 18 லட்சத்துக்கு வாங்கிய மெஷின். கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணைப்படி ஆயுள் 15 வருடம், கடைசியில் 5 சதவீதம், அதாவது 90,000 மிஞ்சும் என்று வைத்திருந்தோம். மீதி 17,10,000-ஐப் பதினைந்தால் வகுத்தால் வருடத்துக்கு 1,14,000 தேய்மானம். 2022 செப்டம்பர் கடைசியில் விற்றபோது ஏழரை வருடம் ஆகியிருந்தது. மொத்தத் தேய்மானம் 8,55,000, புத்தக மதிப்பு 9,45,000. விற்றது 6,50,000-க்கு. நட்டம் 2,95,000. விற்ற வருடத்தின் அரை வருடத் தேய்மானத்தைப் பலர் விட்டுவிடுவார்கள், அப்போது நட்டம் 57,000 கூடித் தெரியும். நான் அதையும் விடாமல் போட்டிருந்தேன். கணக்கு சுத்தமாக இருந்தது.

ஆனால் அந்த 2,95,000 யாருடைய நட்டம்? சந்தையில் மெஷின் என்ன விலைக்குப் போகும் என்பது புத்தக மதிப்புக்குத் தெரியாது. வாங்கிய விலையில் நாம் இன்னும் செலவாக எழுதாமல் வைத்திருக்கும் பாக்கிதான் அது. பாக்கி அதிகமாக இருந்தால், எவ்வளவு நல்ல விலைக்கு விற்றாலும் நட்டம் என்றுதான் வரும். இதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன், அதற்கு மேல் பேச எனக்கு என்ன உரிமை என்று அப்போது தோன்றியது. இன்றும் சில நாள் அப்படித்தான் தோன்றுகிறது.

அன்று சாயங்காலம் கீழே இறங்கும்போது, "அண்ணா, கணக்குல அப்படித்தான் வரும், நீங்க தப்பா எடுத்துக்காதீங்க" என்றேன். அவர் கோபப்படவில்லை. "ராவும் பகலும் ரெண்டு ஷிஃப்ட் ஓட்டுன மெஷினுக்கு இதுக்கு மேல எவன் தம்பி குடுப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டுக்குப் போன பிறகுதான் அது உறைத்தது. இரண்டு ஷிஃப்ட். அதே இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது: இரட்டை ஷிஃப்ட் ஓடிய காலத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கூடுதல், மூன்று ஷிஃப்ட் ஓடினால் 100 சதவீதம். நான் ஏழரை வருடமும் ஒற்றை ஷிஃப்ட் கணக்கே போட்டிருக்கிறேன். லாக்டவுன் நாட்களைத் தனியாகக் கழிக்காமல், முழுக்க இரண்டு ஷிஃப்ட் என்று வைத்தால் வருடத்துக்கு 1,71,000. ஏழரை வருடத்துக்கு 12,82,500. புத்தக மதிப்பு 5,17,500-க்கு இறங்கியிருக்கும். அதே ஆள், அதே புரோக்கர், அதே 6,50,000. ஆனால் நட்டம் இருந்த இடத்தில் 1,32,500 லாபம்.

ஷிஃப்ட் ரிஜிஸ்டர் எனக்கு வந்ததே இல்லை, ஆடிட்டரும் கேட்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மைதான். ஆனால் ராத்திரி ஷிஃப்ட் ஆட்களின் சம்பளப் பட்டியல் மாதாமாதம் என் மேஜையைத் தாண்டித்தான் போனது.

கம்பெனிக்கு இதில் என்ன போயிற்று என்றும் யோசித்தேன். 18 லட்சத்தில் 6,50,000 திரும்பி வந்தது, 11,50,000 செலவு. அதைத் தேய்மானமாக 8,55,000, நட்டமாக 2,95,000 என்று எழுதினாலும், தேய்மானத்தைக் கூட்டி எழுதிக் கடைசியில் லாபம் காட்டினாலும், மொத்தம் அதே 11,50,000. வருமான வரிக் கணக்கில் இந்த நட்டமே கிடையாது. அங்கே விற்ற பணத்தை மெஷின்களின் மொத்தத் தொகுதியிலிருந்து கழித்துவிட்டுப் போகிறோம். அப்படியென்றால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை என்று சமாதானம் செய்துகொள்ளலாம். ஆனால் அந்த ஏழு வருடமும் லாபம் வருடத்துக்கு 57,000 கூடுதலாகத் தெரிந்ததே, அதற்காக யாரும் அண்ணனைக் கூப்பிட்டுப் பாராட்டவில்லை. ஏழு வருடம் எழுதாமல் விட்டதெல்லாம் ஒரே நாளில் அவர் பேரில் வந்து விழுந்தது.

மற்ற மெஷின்களின் ஷிஃப்ட் விவரத்தை எடுத்து, ஆடிட்டரிடம் பேசி, தேய்மானத்தை மாற்றிவிட்டேன். எம்.டி.யிடம் "ஷிஃப்ட் கணக்கைச் சரி செய்கிறோம்" என்று சொன்னபோது சரி என்றார். விற்ற மெஷினைப் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

இப்போது ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் ஷிஃப்ட் விவரம் அண்ணன் கையெழுத்தில் வந்துவிடுகிறது. எதற்காகக் கேட்கிறேன் என்று அவர் கேட்டதில்லை.