நூறுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் நடுவே

அதிர்வு அளவீட்டு வேலையில் திரும்பத் திரும்ப வரும் தலைவலி இரண்டு துருவ மோட்டார். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு 2970 சுற்று ஓடுகிறது என்று வையுங்கள், அதாவது 49.5 ஹெர்ட்ஸ். அதன் இரண்டாம் மடங்கு 99. காந்த விசையால் வரும் அதிர்வோ மின் அதிர்வெண்ணின் இரு மடங்கான 100. முன்னது ஷாஃப்ட் சீரமைப்பு சரியில்லாததைக் காட்டலாம், பின்னது ஸ்டேட்டர் கோளாறை. மெக்கானிக்கைக் கூப்பிடுவதா, எலெக்ட்ரீஷியனையா என்பது இந்த ஒரு ஹெர்ட்ஸில் இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் கருவியில் Fmax, அதாவது காட்ட வேண்டிய உச்ச அதிர்வெண், 1000 ஹெர்ட்ஸ், Lines, அதாவது அந்த வரம்பைப் பிரிக்கும் கோடுகள், 400 என்று வைத்து அளந்தான். அதிர்வெண் வரைபடத்தில் 100 பக்கத்தில் ஒரே தடித்த மேடு. "சார், சாம்பிளிங்கைக் கூட்டினால் பிரிந்துவிடாதா?" என்று Fmax-ஐ 2000 ஆக்கினான். மேடு இன்னும் தடித்தது.

காரணம் எளிது. கருவி வினாடிக்கு Fmax-இன் 2.56 மடங்கு மாதிரி எடுக்கும். 400 கோடுகளுக்கு மொத்தம் 1024 மாதிரிகள். 1000-இல் அவை 0.4 வினாடியில் தீர்ந்துவிடும், 2000-இல் 0.2 வினாடியிலேயே. பதிவின் நேரம் T என்றால் கோடுகளின் இடைவெளி Δf = 1/T, அதாவது முதலில் 2.5, அப்புறம் 5 ஹெர்ட்ஸ். பிரிப்பது மாதிரிகளின் நெருக்கம் அல்ல, எவ்வளவு நேரம் கேட்டோம் என்பதுதான். 99-உம் 100-உம் சேர்ந்தால் வினாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும். 0.4 வினாடியில் அதில் பாதிகூடக் கிடைக்காது. பதிவின் வாலில் பூஜ்ஜியங்களை ஒட்டினாலும் மேடு வழவழப்பாகும், பிரியாது.

பதிவின் இரு முனைகளையும் மெல்லத் தணிக்கும் ஹான் விண்டோ போட்டால் ஒவ்வொரு உச்சியும் அகலும். சம உயரமுள்ள இரண்டு உச்சிகளுக்கு நடுவே இரண்டு கோடு இடம் இருந்தால் மயிரிழைப் பள்ளம்தான் தெரியும், மூன்று நான்கு இருந்தால் நிம்மதி. எனவே Fmax 200, Lines 800 வைத்தோம். வினாடிக்கு 512 மாதிரி, 2048 மாதிரிகள், 4 வினாடிப் பதிவு. கோடு இடைவெளி 0.25 ஹெர்ட்ஸ், நடுவே நான்கு கோடு. இரண்டு உச்சிகளும் தனித்தனியாக நின்றன, 100 ஹெர்ட்ஸ் உச்சிதான் உயரமாக.

1600 கோடு, 8 வினாடி இன்னும் நல்லதல்லவா என்று கேட்கலாம். சுமை நிலையாக இருந்தால் ஆம். பதிவின் நடுவே வேகம் 0.2 சதவீதம் நகர்ந்தாலே 99 இருந்த உச்சி 0.2 ஹெர்ட்ஸ் இழுபடும், அதாவது ஒன்றரைக் கோடுக்கும் மேல். 100 மட்டும் கூர்மையாக நிற்க, பக்கத்து உச்சி பரந்து தாழ்ந்தால் வேகம் ஆடுகிறது என்று அர்த்தம்.

மாதிரி வீதத்தைக் குறைப்பதிலும் ஒரு கண் வேண்டும். மாதிரி வீதத்தின் பாதிக்கு மேலான அதிர்வெண்களை முன்பே வெட்டும் ஆன்டி-அலியாஸிங் ஃபில்டர் கருவியின் உள்ளேயே இருக்கும். வேகமாக எடுத்த பதிவை நாமே கணினியில் வடிகட்டாமல் 512-க்குக் குறைத்தால், 412 ஹெர்ட்ஸில் இருக்கும் எதுவும் சரியாக 100-இல் வந்து உட்காரும்.

அப்போதும் சந்தேகம் இருந்தால் பதிவு ஓடும்போதே மோட்டாரின் மின்சாரத்தை நிறுத்தச் சொல்வேன். காந்தத்தால் வந்த 100 சட்டென்று காணாமல் போகும். சுழற்சியால் வந்தது வேகத்தோடு மெல்ல இறங்கும்.