நிலுவை எதுவும் இல்லை

திங்கட்கிழமை காலை இளம் சக ஊழியர் ஒருவர், "சார், வெள்ளிக்கிழமை மாலை அனுப்பிய சான்றிதழ் கோரிக்கைக்கு இன்னும் ஒப்புதல் வரவில்லையே" என்று எழுதியிருந்தார். எங்கள் குபர்நெட்டீஸ் கிளஸ்டரில் நிலுவையிலுள்ள கோரிக்கைகளை வேலை நாட்களில் காலை 8 மணிக்குப் பார்க்கும் ஸ்கிரிப்ட்டின் முடிவு வெறுமையாக இருந்ததால், "நிலுவையில் எதுவும் இல்லை" என்று பதில் அனுப்பினேன். "அப்படியானால் நான்தான் சரியாக அனுப்பவில்லை போலிருக்கிறது, மன்னிக்கவும் சார்" என்றார்.

அந்த ஸ்கிரிப்ட்டை நான் நம்பியதற்குக் காரணம் உண்டு. அது முதலில் இப்படித்தான் இருந்தது:

```
kubectl get csr 2>/dev/null | grep Pending
```

இதில் சர்வரோடு இணைப்பே கிடைக்காவிட்டாலும் வெறுமைதான் வரும், உண்மையில் நிலுவை இல்லாவிட்டாலும் வெறுமைதான் வரும். பிழைச் செய்தி `/dev/null`-க்குப் போய்விடுகிறது. Grep இரண்டு நிலைகளிலும் 1 என்றே வெளியேறுகிறது. இதை முன்பே மாற்றி, பட்டியலைப் பெற முடியாவிட்டால் ஸ்கிரிப்ட் உரக்கச் சொல்லி நிற்கும்படி செய்திருந்தோம். ஆகவே அன்றைய வெறுமை நேர்மையான வெறுமை. பட்டியலில் எதுவும் இல்லை என்பது முழு உண்மை.

ஆனால் அவரும் சரியாகத்தான் அனுப்பியிருந்தார். யாரும் ஒப்புதலோ மறுப்போ தராத கோரிக்கையை குபர்நெட்டீஸ் 24 மணி நேரம் கடந்ததும் தானாகவே நீக்கிவிடும். ஒப்புதல் பெற்றவையும் மறுக்கப்பட்டவையும் 1 மணி நேரத்திற்குப் பிறகு போய்விடும். வெள்ளி மாலை 6 மணிக்கு வந்த கோரிக்கை, நாங்கள் யாரும் பார்க்காத சனிக்கிழமை மாலையே காலாவதியாகி நீங்கிவிட்டது. திங்கட்கிழமைப் பட்டியலை வைத்து, கோரிக்கை வரவே இல்லையா, மறுக்கப்பட்டதா, கவனிப்பாரின்றிக் காலாவதியானதா என்று பிரித்தறிய வழியில்லை.

அவர் அதே கோப்பை மறுபடியும் அனுப்பினார், நான் `kubectl certificate approve` கொடுத்தேன், வேலை நடந்தது. இருந்தும் அந்த மன்னிப்பு மனதை உறுத்துகிறது. ஸ்கிரிப்ட்டிடம் இருந்த கேள்வி "இந்த நொடியில் என்ன நிலுவையில் உள்ளது" என்பது. அவர் கேட்டது "என் கோரிக்கை என்னவாயிற்று" என்பது. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்குக் கொடுத்தேன் என்று ஒரு நாள் தோன்றுகிறது. கண்முன் இருந்த பட்டியலை வைத்து வேறென்ன சொல்லியிருக்க முடியும் என்று மறுநாள் தோன்றுகிறது.

வார இறுதியிலும் ஓடும்படி கிரான் வரியை மாற்றிவிட்டோம். 24 மணி நேரத்திற்கு ஒருமுறை ஓடுவதும் 24 மணி நேரத்தில் நீங்குவதும் நெருக்கமாக இருப்பதால், நாளுக்கு இருமுறை ஓட்டலாம் என்று நான் சொன்னேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பட்டியலை யார் திறந்து பார்ப்பது என்பதற்கு எங்கள் குழுவில் இன்னும் ஒருவர் பெயரும் எழுதப்படவில்லை.