சிங்க்குக்குக் கீழே

2023 ஆகஸ்ட் 19
சிங்க்குக்குக் கீழே இருக்கிற கதவு மூட மாட்டேன் என்கிறது. குனிந்து பார்த்தால் அடிப்பலகை பாலில் நனைத்த ரஸ்க் மாதிரி ஊதியிருக்கிறது. மேலே ஒட்டிய மைக்கா மட்டும் புதுசாகவே பளபளக்கிறது. மாட்டி ஒன்பது மாதம்தான் ஆகிறது.

ஆகஸ்ட் 21
சமையலறை அலமாரி மாட்டிக்கொடுத்த கடைக்குப் போன் போட்டேன். “தண்ணி பட்டா எந்த மரமும் ஊதத்தான் செய்யும்மா. நாளைக்கு ஆள் அனுப்புறேன்.”

ஆகஸ்ட் 30
நாளைக்கு.

செப்டம்பர் 2
வில்லாபுரத்து ஆசாரி வந்தார். பலகையின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார், பொலபொலவென்று உதிர்ந்தது. “இது பிளையே இல்லம்மா. மரத்தூளைப் பசை போட்டு அமுக்குனது. பிளைன்னா வெட்டுன இடத்துல அடுக்கடுக்கா தெரியும்.”

பழைய எஸ்டிமேட் தாளைத் தேடி எடுத்தேன். ‘710 பிளை, 18 எம்எம்’ என்று அவர்கள் கைப்பட எழுதியிருக்கிறது. ஐஎஸ் 710 என்பது மரைன் பிளைவுட்டுக்கான எண். கொதிநீருக்கும் விட்டுப்போகாத பசையில் ஒட்டுவது. ஆசாரி சொன்ன மரத்தூள் பலகைக்கு, பார்ட்டிகிள் போர்டுக்கு, அந்த எண் வரவே வராது.

பிரித்துப் போட்டு நல்ல பலகை வைக்கட்டுமா என்று ஆசாரி கேட்டார். சரி என்று சொல்ல வாய் வந்துவிட்டது.

செப்டம்பர் 3
எதிர்வீட்டு குமாஸ்தா அண்ணன், கோர்ட்டிலேயே முப்பது வருடம் தேய்ந்தவர். “பலகையில கை வைக்காத தாயி. அதுதான் உன் சாட்சி. பிரிச்சுப் போட்டா நீ சொல்றதும் பேச்சுத்தான், அவன் சொல்றதும் பேச்சுத்தான்.”

அத்தை: “அப்ப இந்த நாத்தத்தோடயே பொங்கித் திங்கணுமாக்கும்?”

செப்டம்பர் 6
நோட்டீஸ் போட்டாகிவிட்டது. ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால், பதினைந்து நாள் கெடு. சட்டம் இதைக் கட்டாயமாகக் கேட்கவில்லை, இருந்தாலும் கேட்டும் செய்யவில்லை என்று காட்ட இது வேண்டும் என்கிறார் அண்ணன். எழுதியது நான்தான். கோபத்தை மூன்று தடவை அடித்தேன்.

செப்டம்பர் 18
அட்டை திரும்பி வந்தது. கடை முத்திரை, ஒரு கிறுக்கல் கையெழுத்து. பீரோவில் நகை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இவர் சிரிக்கிறார்.

அக்டோபர் 11
மனு எழுதுகிறேன். கொடுத்தது 2,60,000. பேங்க் வழியாகப் போனது 1,60,000, மீதி ஒரு லட்சம் ரொக்கம். பில் கேட்டதற்கு ஜிஎஸ்டி கூடுமே என்றார்கள், நானும் தலையை ஆட்டினேன். இப்போது அந்த ஒரு லட்சத்துக்கு இருப்பது எஸ்டிமேட் தாளின் பின்பக்கம் ‘ரொக்கம் 1 ல வரவு’ என்கிற நீல மைதான். கீழே சுருக்கெழுத்து மாதிரி ஒரு கையெழுத்து. ராத்திரி இரண்டு தடவை எழுந்து போய்ப் பார்த்தேன், இருக்கிறதா என்று.

அக்டோபர் 26
மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்துவிட்டேன். கடையின் ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை, நாம் குடியிருக்கிற ஊரிலும் போடலாம். எனக்கு இரண்டுமே மதுரை. ஐம்பது லட்சம் வரை மாவட்டத்திலேயே முடியும், அதுவும் நாம் கேட்கிற தொகையைப் பார்க்க மாட்டார்கள், கொடுத்த தொகையைத்தான் பார்ப்பார்கள். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், நான் நல்லவேளை முந்திக்கொண்டேன்.

செக்ஷனில் இருந்த அம்மா ஒரு ஜெராக்ஸைத் தூக்கிப் பார்த்து, “பின்பக்கம் காணோமே” என்றார். நீல மை இருக்கிற பக்கம். கைகால் வெலவெலத்துவிட்டது. ஓடிப்போய் எடுத்து வந்தேன்.

நவம்பர் 16
மனு ஏற்கப்பட்டது. நம்பர் விழுந்துவிட்டது. அண்ணனுக்கு ஒரு பாக்கெட் அல்வா.

டிசம்பர் 5
கடைக்கு ஆணையத்தின் நோட்டீஸ் சார்வாகிவிட்டது, அதாவது கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்றிலிருந்து 30 நாளில் பதிலுரை போட வேண்டும், கேட்டால் இன்னும் 15 நாள். அதோடு சரி. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு 45க்கு மேல் ஒரு நாள்கூடக் கொடுக்க ஆணையத்துக்கு அதிகாரமில்லை என்று சொல்லியிருக்கிறது. காலண்டரில் ஜனவரி 19ஐச் சிவப்பில் வட்டம் போட்டேன்.

2024 ஜனவரி 4
அவர்கள் வக்கீல் வக்காலத்துப் போட்டு நேரம் கேட்டார். வாய்தா.

ஜனவரி 15
சிங்க்குக்குக் கீழே வாளி. பால் பொங்கியதைவிட அத்தை பொங்கியதுதான் ஜாஸ்தி.

ஜனவரி 24
இன்றைக்குப் பதிலுரையைக் கொண்டுவந்தார்கள். ஐம்பதாவது நாள்! நோட்டீஸோடு மனு நகலும் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்கு என்று அவர்கள் வக்கீல் இழுத்தார். இரண்டும் சேர்ந்தே போயிருக்கிறது, ஆணையத்தின் தபாலுக்கு வந்த அட்டையிலேயே தெரிகிறது. ஆணையம் பதிலுரையை வாங்கவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று வீட்டுக்கு வந்து குதித்தேன். அண்ணன் தண்ணீர் ஊற்றினார். “அவன் பதில் வரலங்கறதுக்காக உன் கேசு நிரூபணமாயிடாது. இது பார்ட்டிகிள் போர்டுன்னு யார் சொன்னா? ஆசாரியா?” உண்மைதான். அவர் எனக்குச் சொன்னார், ஆணையத்துக்குச் சொல்லவில்லை.

பிப்ரவரி 14
வழக்கறிஞர் ஆணையர் நியமிக்க மனு. ஒரு இன்ஜினியரோடு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். அனுமதி கிடைத்தது. அவருக்கு உண்டான கட்டணத்தை நான்தான் முன்னால் கட்ட வேண்டும். உத்தரவில் செலவுத்தொகை கிடைத்தால் திரும்பும். கிடைத்தால்.

மார்ச் 9
வந்தார்கள். கடையிலிருந்தும் ஒரு பையன். வாளியை எடுத்துவிட்டு இன்ஜினியர் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்தார். அடிப்பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்தார். அப்புறம் ஈரமே படாத மேல் ஷெல்ஃபிலும் ஒரு துண்டு கேட்டார். அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்தபோது புரிந்தது. ஊதிய துண்டை மட்டும் காட்டினால் தண்ணீர்தான் காரணம் என்பார்கள். காய்ந்த துண்டிலும் அதே தூள், அடுக்கே இல்லை. குழாய் மூட்டையும் தடவிப் பார்த்தார், கசிவு இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். வயிற்றைக் கலக்கியது.

கடைப் பையன் காபி வேண்டாம் என்றான். போகும்போது, “அக்கா, நான் மாட்டுறவன் மட்டுந்தான்” என்றான்.

ஏப்ரல் 23
அழகர் ஆற்றில் இறங்கினார். நான் போகவில்லை.

ஜூன் 12
நிரூபண வாக்குமூலம் தாக்கல். எஸ்டிமேட் தாள் ஆவணம் ஏ1, ஒப்புகை அட்டை ஆவணம் ஏ4, ஆணையர் அறிக்கை தனியாக. அறிக்கையில் கசிவும் இருக்கிறது, ‘710 வகை அல்ல’ என்பதும் இருக்கிறது.

மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் என்று சட்டம் சொல்கிறது. நோட்டீஸ் சார்வாகி ஆறு தாண்டிவிட்டது. யாரும் வெட்கப்படவில்லை.

ஜூலை 3
வாதம் முடிந்தது. பதிலுரை இல்லாவிட்டாலும் சட்டத்தைப் பற்றி வாதாடலாமாம், அவர்கள் வக்கீல் நன்றாகவே வாதாடினார். கசிவு, கசிவு, கசிவு. நான் காய்ந்த துண்டைப் பற்றி மட்டும் இரண்டு நிமிடம் பேசினேன். உத்தரவுக்காக ஒத்திவைப்பு.

ஜூலை 9
கடைக்காரரே போன் செய்தார், முதல் தடவையாக. அறுபதாயிரம் தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்றார். இல்லையென்றால் அப்பீலாம். அண்ணனிடம் கேட்டேன். அப்பீலுக்கு 45 நாள், உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் மாநில ஆணையத்துக்குப் போக முடியும். “அதான் இப்ப கூப்புடுறான்.”

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். இவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 17
வாளி நிறைந்திருந்தது. கொட்டினேன்.