விளம்பரமே இல்லாத கம்பெனிக்கு விண்ணப்பம் போட்டபின்

நான் காட்பாடிக்காரன். பி.எஸ்சி. வேதியியல் கடைசி ஆண்டில், ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள ஒரு தோல் பதனிடும் கம்பெனியின் ஆய்வகத்தில் சேரலாம் என்று ஆசைப்பட்டு, ஜனவரி 2-ஆம் தேதி மின்னஞ்சலில் விண்ணப்பம் அனுப்பினேன். ஆள் வேண்டும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. பன்னிரண்டு நாள் பொறுத்துப் பார்த்து, "என் விண்ணப்பத்தின் நிலை என்ன?" என்று இன்னொரு மெயில் தட்டினேன். அன்றைக்குப் பொங்கலுக்கு முதல் நாள். கம்பெனியில் யார் இருந்திருப்பார்கள்?

அந்த நாளில் அனுப்பியதைவிடப் பெரிய தப்பு அந்தக் கேள்வியில் இருந்தது. விளம்பரம் கொடுத்த வேலை என்றால் கடைசித் தேதி இருக்கும், வந்த விண்ணப்பங்களைப் பிரித்துப் பார்க்க ஒருவர் இருப்பார், அதனால் "நிலை" என்று ஒன்றும் இருக்கும். நாமாகவே அனுப்பியதற்கு இதெல்லாம் கிடையாது. எச்ஆர் ஆள் அதைத் திறந்து பார்த்து, காலியிடம் இல்லை என்று மூடியிருப்பார், அவ்வளவுதான். அவரிடம் போய் நிலை என்ன என்று கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை.

அப்புறம் பிப்ரவரி முதல் நாள் போன் செய்தேன். "எல்லாரும் மெட்ராஸ்ல இருக்காங்க தம்பி, லெதர் ஃபேர்" என்றார் போனை எடுத்தவர். சென்னையில் ஆண்டுதோறும் ஜனவரிக் கடைசி, பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கும் தோல் கண்காட்சி அது. இந்தத் தொழிலில் பேச வேண்டியவர்கள் பாதிப்பேர் அந்த வாரம் ஊரில் இருக்கமாட்டார்கள். வெள்ளிக்கிழமை மதியமும் வேண்டாம். இங்கே பல முதலாளிகளும் மேலாளர்களும் தொழுகைக்குப் போயிருப்பார்கள். ஆனால் அந்த அழைப்பு வீண் போகவில்லை. லேப் பொறுப்பாளர் பெயரையும் எந்த நேரத்தில் பேசலாம் என்பதையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை, மூன்று மணிக்கு அவரே எடுத்தார். வேலை இருக்கிறதா என்று கேட்காமல், "உங்க லேபுக்கு வழக்கமா எந்த மாசத்துல ஆள் எடுப்பீங்க சார்? அப்ப ஒரு மெயில் போடலாமா?" என்று கேட்டேன். இதற்கு அவர் ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம், எந்த வாக்குறுதியும் தர வேண்டியதில்லை. "ஏப்ரல்ல போடு. சிஓடி போடத் தெரியுமா?" என்றார். பாடத்தில் படித்திருக்கிறேன் என்றேன். "படிச்சா போதாது" என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

அந்தச் சிரிப்புதான் அடுத்த மெயிலில் என்ன எழுதுவது என்று சொல்லிக்கொடுத்தது. சிஓடி என்பது கழிவுநீரில் உள்ள கரிமப் பொருளை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்று டைகுரோமேட்டை வைத்துக் கணக்கிடும் சோதனை. மாதிரியை அமிலத்தோடு இரண்டு மணி நேரம் கொதிக்கவிட்டு, மீதமுள்ள டைகுரோமேட்டை டைட்ரேஷன் செய்ய வேண்டும். எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் ஆசிரியரிடம் அனுமதி வாங்கித் தோல் கழிவுநீரில் செய்து பார்த்தபோது, எண் நம்பமுடியாத அளவுக்கு எகிறியது. தோலை உப்புப் போட்டுப் பதப்படுத்துவதால் அந்த நீரில் குளோரைடு ஏராளம். அதுவும் டைகுரோமேட்டைத் தின்றுவிடும். மாதிரியை நீர்க்கச் செய்து, மெர்குரிக் சல்ஃபேட்டைச் சரியான அளவில் சேர்த்தபிறகுதான் எண் ஒழுங்குக்கு வந்தது.

ஏப்ரல் முதல் வாரம், பழைய மெயிலுக்கே பதில் எழுதுவதுபோல் லேப் பொறுப்பாளருக்கு அனுப்பினேன். கீழே என் முதல் விண்ணப்பம் இருக்கும், யாரென்று அவர் தேட வேண்டாம். புதிதாக எழுதியது நான்கு வரிதான். பிப்ரவரியில் பேசியதை ஒரு வரியில் நினைவுபடுத்தி, குளோரைடு தொந்தரவைக் கண்டதையும் சரிசெய்ததையும் இரண்டு வரியில் சொல்லி, மே மாதத்திலிருந்து வர முடியும் என்று முடித்தேன். எச்ஆருக்கும் ஒரு நகல். பயோடேட்டா கோப்பின் பெயரும் முன்பு `resume final new 2.pdf` என்று இருந்தது. அதை என் பெயரும் "லேப் கெமிஸ்ட்" என்பதும் தெரியும்படி மாற்றினேன்.

இதற்கும் பதில் வராமல் போயிருந்தால் அதோடு விட்டிருப்பேன். போன் இரண்டு, மெயில் மூன்று. அதற்கு மேல் போனால் பெயர்தான் கெடும். சிப்காட்டில் லேப் ஆட்கள் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. "எங்களிடம் இடம் இல்லை, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்து லேபில் ஷிப்டுக்கு ஆள் தேடுகிறார்கள், உங்கள் மெயிலை அங்கே அனுப்பியிருக்கிறேன்." அடுத்த வாரம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, குளோரைடு இருந்தால் என்ன செய்வாய் என்றுதான்.