நாக்குக்கு அடியில் வைத்த மாத்திரை

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிறேன். வயது 52. போன ஜனவரி, பழம் பறிக்கும் மும்முரத்தில், ஒரு ராத்திரி சாப்பாட்டுக்கு நடுவே சொம்பிலிருந்து ஜில்லென்ற தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தேன். நாலாவது மடக்கில் நடு நெஞ்சில் யாரோ கையை விட்டுப் பிசைவது போல ஒரு இறுக்கம். அது முதுகுக்குப் போய், தாடையில் ஏறி, இடது தோளிலும் தெரிந்தது. என் அப்பா மாரடைப்பில்தான் போனார். எனக்கும் ரத்த அழுத்தம் இருக்கிறது. வேறு எதையும் நினைக்கத் தோன்றவில்லை.

பக்கத்து வீட்டு மாமாவின் மருந்து டப்பாவிலிருந்து, இதய வலிக்குப் போடும் சோர்பிட்ரேட் மாத்திரை ஒன்றை என் மனைவி வாங்கி வந்து நாக்குக்கு அடியில் வைத்தாள். ஐந்து நிமிடத்தில் வலி கரைந்துபோனது. "பாத்தீங்களா, இது இதயம்தான், அதான் கேட்டுச்சு" என்றார் மாமா. அந்த ஒரு வாக்கியத்தால் அடுத்த மூன்று மாதம் நாங்கள் பட்ட குழப்பத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். (இன்னொருவர் மாத்திரையை அப்படி வாங்கிப் போடவும் கூடாது. அழுத்தம் சட்டென்று இறங்கி மயங்கி விழுந்துவிடலாம் என்று பிறகு சொன்னார்கள்.)

வலி நின்றுவிட்டதே, காலையில் போகலாமே என்றேன். மனைவி கேட்கவில்லை. பனியில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, கோரிமேடு தாண்டி, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. உள்ளே போனதும் முதலில் ஈசிஜி. அது சரியாக இருந்தது. ரத்தத்தில் டிரோபோனின் பார்த்தார்கள். அதுவும் சரி. கிளம்பலாமா என்று கேட்டதற்கு அவசரப் பிரிவு டாக்டரம்மா, "மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை எடுக்கணும், அதுவரைக்கும் இருங்க" என்றார். இதயத் தசை அடிபட்டால்தான் டிரோபோனின் ரத்தத்துக்குள் கசியும், அப்படிக் கசிந்து அளவில் தெரிவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும் என்றார். வலி வந்த சூட்டோடு எடுத்த ஒரு பரிசோதனை நன்றாக இருப்பதை வைத்து யாரையும் வீட்டுக்கு அனுப்ப முடியாதாம். இரண்டாவதும் ஏறவில்லை. ஈசிஜியும் மாறவில்லை.

அப்பாவின் கதையையும் என் அழுத்தத்தையும் கேட்டுவிட்டு, இதய டாக்டர் எக்கோ பார்த்தார். பிறகு மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்தார். பெரிய ரத்தக்குழாய் எதிலும் சொல்லும்படி அடைப்பு இல்லை. வீட்டில் எல்லோரும் 'வாயுதான்' என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வாயு இல்லை. பிப்ரவரியில் இரண்டு தடவை வந்தது. ஒன்று கொதிக்கக் கொதிக்கக் காபி குடித்தபோது. இன்னொன்று எதுவும் சாப்பிடாமல், நள்ளிரவில் தூக்கத்தில். இரண்டாவதற்குச் சோர்பிட்ரேட் போட்டேன், மறுபடியும் கேட்டது. உடனே பயம் திரும்பிவிட்டது. இந்த மாத்திரை கேட்கிறதென்றால் ஆஞ்சியோவில் எதையோ விட்டுவிட்டார்களோ?

இந்தக் கேள்வியைக் குடல் டாக்டரிடம் கேட்டேன். அவர் ஒரு தாளில் இரண்டு குழாய் வரைந்தார். ஒன்று இதயத்தின் ரத்தக்குழாய், இன்னொன்று உணவுக்குழாய். "ரத்தக்குழாய்ச் சுவர்லயும் உணவுக்குழாயோட கீழ்ப்பாகத்துலயும் இருக்கறது ஒரே ஜாதித் தசை, நம்ம இஷ்டத்துக்கு அசைக்க முடியாத தசை. சோர்பிட்ரேட் அந்தத் தசையைத் தளர்த்தும். அது எந்தக் குழாய்ன்னு மாத்திரைக்குத் தெரியாது" என்றார். வலி தாடைக்கும் தோளுக்கும் போவதும் அப்படித்தானாம். இரண்டு உறுப்பிலிருந்தும் வரும் வலி நரம்புகள் முதுகுத்தண்டில் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் சேருகின்றன. அதனால் வலி இருக்கும் இடத்தை வைத்தும், மாத்திரை கேட்டதை வைத்தும் இதயமா உணவுக்குழாயா என்று பிரிக்க முடியாது. நான் நம்பியிருந்த இரண்டு அடையாளமும் அன்றைக்கே போயின.

அதற்குப் பிறகும் அவர் நேராக 'உணவுக்குழாய் இறுக்கம்' என்று எழுதிவிடவில்லை. இதயம் இல்லாத நெஞ்சுவலிக்கு அடிக்கடி காரணமாவது அமிலம் மேலே ஏறுவதுதான் என்று, இரண்டு மாதம் காலையும் மாலையும் அமிலம் குறைக்கும் மாத்திரை கொடுத்தார். புளித்த ஏப்பம் நின்றது, வலி நிற்கவில்லை. எண்டோஸ்கோப்பியில் புண்ணோ கட்டியோ இல்லை, எடுத்த சதைத் துணுக்கும் நன்றாகவே இருந்தது. இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். எண்டோஸ்கோப்பி குழாயின் உள்தோலைக் காட்டுமே தவிர, தசை எப்படி வேலை செய்கிறது என்பதை அளக்காது. அதற்குக் குழாய்க்குள் அழுத்தத்தை அளக்கும் மேனோமெட்ரி தேவை. அதற்காகக் கோவைக்கு எழுதிக் கொடுத்தார்.

முந்தின ராத்திரியிலிருந்து வயிறு காலி. சோர்பிட்ரேட் கையில் படவே கூடாது என்றிருந்தார்கள், இருந்தால் தசை தளர்ந்து அளவு பொய்யாகிவிடும். மரத்துப்போகும் ஜெல்லை மூக்கில் தடவி, சுண்டுவிரலை விட மெல்லிய குழாய் ஒன்றை விட்டார்கள். தொண்டையைத் தாண்டும் அந்தச் சில நொடிதான் கஷ்டம். குமட்டியது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. "முழுங்குங்க, முழுங்குங்க, அவ்வளவுதான்" என்று அந்தப் பெண் டெக்னீஷியன் என் தோளைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு படுக்க வைத்து, ஒரு சிரிஞ்சில் 5 மில்லி தண்ணீர் வாயில் விட்டு, ஒரே மடக்காக விழுங்கச் சொன்னார்கள். அரை நிமிடம் இடைவெளி விட்டு மறுபடியும். இப்படிப் பத்துத் தடவை.

திரையில் ஒவ்வொரு மடக்கும் வண்ணப் பட்டையாக ஓடியது. நல்ல மடக்கில் பட்டை மேலிருந்து கீழே சாய்வாக, நிதானமாக இறங்கும். விழுங்கத் தொடங்கி அந்த அலை அடிப்பகுதிக்கு வந்துசேர நாலரை நொடியாவது ஆக வேண்டும். என்னுடையதில் ஆறு அப்படி இறங்கின. மற்ற நாலில் சாய்வே இல்லை. கீழ்ப்பாதி முழுக்க ஒரே நேரத்தில் செங்குத்தாகச் சிவந்தது, ஒன்றில் மூன்று நொடிக்குள். பத்தில் குறைந்தது இரண்டு மடக்கு இப்படி அவசரப்பட்டு, கூடவே வலியோ விழுங்கச் சிரமமோ இருந்தால்தான் இறுக்கம் என்று சொல்வார்களாம். இரைப்பை வாயில் இருக்கும் வால்வு ஒழுங்காகத் திறந்தது. அது திறக்காமல் இருந்தால் நோயே வேறு, வைத்தியமும் வேறு.

இப்போது தசையைத் தளர்த்தும் டில்டியாசெம் மாத்திரை சாப்பிடுகிறேன், நாடியும் அழுத்தமும் பார்த்துப் பார்த்து. இதயத்தின் ரத்தக்குழாய் இறுகி வரும் வலிக்கும் இதே மாத்திரையைக் கொடுப்பார்கள் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், இது கேட்டாலும் நான் அர்த்தம் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக. தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் குடிக்கிறேன், காபியை ஆற விடுகிறேன். மாதத்தில் நாலைந்து தடவை வந்தது ஒன்றாகக் குறைந்திருக்கிறது.

நோயின் பெயர் தெரிந்ததால் இதயம் பத்திரம் என்று ஆகாது என்றும் அவர் சொன்னார். நடந்தாலோ ஏறினாலோ வரும் வலி, வியர்வையோ மூச்சுத் திணறலோ சேர்ந்த வலி, வழக்கமான சாயலில் இல்லாத வலி, எது வந்தாலும் மலை இறங்கிவிட வேண்டும். ஆகஸ்டில் களத்திலிருந்து மேட்டுப் பாதையில் ஏறும்போது ஒரு வலி வந்தது. சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. வண்டியை எடுக்கச் சொன்னேன். ஈசிஜி, டிரோபோனின், மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு டிரோபோனின். எல்லாம் சரியாக இருந்தது. ராத்திரி பத்தரைக்கு வீடு திரும்பினோம்.