பத்து நிமிடக் கட்டங்கள்: எங்கள் பல் கிளினிக்கின் அப்பாயின்ட்மென்ட் நோட்டு

திருச்சியில் ஒரு நாற்காலி, ஒரு டாக்டர் உள்ள பல் கிளினிக்கில் வரவேற்பில் இருக்கிறேன். நான் சேர்ந்தபோது அப்பாயின்ட்மென்ட் நோட்டில் எல்லோருக்கும் அரை மணி நேரம்தான். செக்கப்புக்கு வந்தவர் பத்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவார், நாற்காலி இருபது நிமிடம் காலியாகக் கிடக்கும். அடுத்து ரூட் கேனாலுக்கு வருபவர் ஒரு மணி நேரம் உட்கார்வார். முதலில் வீணான இருபது நிமிடத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. பின்னால் தாமதமானது மட்டும் மதியம் வரை தொடரும். பன்னிரண்டு மணிக்கு வரச் சொன்ன ஒரு பாட்டி பசியோடு ஒன்றேகால் வரை காத்திருந்த அன்றுதான் இதை மாற்றியே தீர வேண்டும் என்று டாக்டரிடம் போய் நின்றேன்.

இரண்டு வாரம் ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரத்தைக் குறித்தேன். முதல் சில நாள் தப்பாகக் குறித்திருக்கிறேன். டாக்டர் கை வைத்ததிலிருந்து எடுத்தது வரைதான் எழுதினேன். உண்மையில் நோயாளி உட்கார்வது முதல், நாற்காலியைத் துடைத்து, கருவிகளை மாற்றி, அடுத்தவரைக் கூப்பிடும் வரை உள்ள நேரம்தான் கணக்கு. அப்படிப் பார்த்தால் செக்கப், தையல் பிரிப்பது எல்லாம் பத்து நிமிடம். கிளீனிங், சொத்தைப் பல் அடைப்பு அரை மணி. இவை ஐந்து நிமிடத்துக்கு மேல் முன்பின் போகவில்லை. ரூட் கேனால்தான் ஒரு நாள் முப்பத்தைந்து நிமிடம், இன்னொரு நாள் எண்பது.

காரணம் பல்லில் இருக்கிறது. முன் பல்லுக்குப் பெரும்பாலும் ஒரே வேர், ஒரே கால்வாய். மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர், பல சமயம் நான்கு கால்வாய். நான்காவதைத் தேடுவதிலேயே நேரம் போய்விடும். அதனால் இப்போது போனில் முதல் கேள்வியே, "முன் பல்லா, கடைவாய்ப் பல்லா?" என்பதுதான். முன் பல்லுக்கு நாற்பது நிமிடம், கடைவாய்க்கு ஒரு மணி.

எண்பது நிமிடமே ஒதுக்கிவிடலாமே என்று டாக்டர் கேட்டார். அப்படிச் செய்தால் முக்கால்வாசி நாள் நாற்காலி சும்மா கிடக்கும். நேரத்தைக் கூட்டுவதைவிட இடத்தை மாற்றுவதுதான் உதவியது. எப்போது முடியும் என்று தெரியாத வேலையைக் காலையில் முதலில் போட்டால் அதன் தாமதம் பின்னால் வரும் எல்லோர் தலையிலும் விழும். கடைசியில் போட்டால் சாப்பாட்டு நேரத்தில் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

நோட்டில் பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம் போட்டேன். பத்து முதல் ஒன்று வரை பதினெட்டுக் கட்டம். ஒரு திங்கட்கிழமை இப்படி இருந்தது: 10:00 செக்கப், 10:10 தையல் பிரிப்பு, 10:20 அடைப்பு, 10:50 செக்கப், 11:00 காலி, 11:10 கிளீனிங், 11:40 ஆடுகிற பல் ஒன்று எடுப்பது, 12:00 கடைவாய் ரூட் கேனால். அந்தக் காலிக் கட்டம் பல்வலியோடு திடீரென்று வருபவருக்கு. யாரும் வராவிட்டால் அதுவரை சேர்ந்த தாமதத்தை அது விழுங்கிவிடும். தையல் பிரிப்பவரையும் பத்து மணிக்கே வரச் சொல்வேன். முதலாமவர் பஸ் கிடைக்காமல் பிந்தினாலும் டாக்டர் சும்மா இருக்க வேண்டாம். 1952இல் பெய்லி, வெல்ச் என்ற இருவர் லண்டன் மருத்துவ இதழான லான்செட்டில், தொடக்கத்தில் இரண்டு பேரை வரவழையுங்கள் என்றே எழுதியிருப்பதாக டாக்டர் பிறகு சொன்னார்.

நோட்டை நிரப்பும் விதமும் முக்கியம். சின்ன வேலைகளைப் பத்து மணியிலிருந்து கீழ்நோக்கி, பெரிய வேலைகளை ஒரு மணியிலிருந்து மேல்நோக்கி எழுதுகிறேன். அப்போது மிச்சமுள்ள இடம் நடுவில் ஒரே துண்டாக நிற்கும். முன்பு கேட்டவருக்குக் கேட்ட நேரம் கொடுத்ததில் இங்கே இருபது, அங்கே பத்து என்று சிதறி, அரை மணி வேலைக்கு எங்குமே இடம் இருக்காது.

"பதினொன்றரைக்கு வரட்டுமாம்மா?"

"பத்து ஐம்பதுக்கு வந்துடுங்க சார், வந்ததும் பார்த்துடலாம்."

பெரும்பாலும் சரி என்றுவிடுவார்கள். பிடிவாதமாகக் கேட்பவருக்குக் கேட்ட நேரத்தையே கொடுத்துவிடுவேன். அவருக்கும் வேலை இருக்கும்.

மாலையில் இது முழுசாக ஒத்துவரவில்லை. வேலைக்குப் போகிறவர்கள் ஏழு மணிக்கு மேல்தான் வர முடியும். ஒன்பது மணிக்குப் பிறகும் இழுத்தால் டாக்டருக்கும் உதவியாளர் அக்காவுக்கும் வீடு திரும்புவது கஷ்டம். அதனால் மாலையில் முன் பல் ரூட் கேனால் மட்டும், அதுவும் கடைசியாக. கடைவாய் என்றால் சனிக்கிழமை காலைக்கு எழுதுகிறேன். குழந்தைகளுக்கு மட்டும் இன்னும் சரியான கணக்கு பிடிபடவில்லை. வாயைத் திறக்கவே கால் மணி நேரம் கேட்கும் பிள்ளைகள் உண்டு. இப்போதைக்கு அவர்களைக் காலிக் கட்டத்துக்கு முந்தைய இடத்தில் எழுதி வருகிறேன்.